கிளிக்குக்கும் திரைக்கும் நடுவே எத்தனை பிரேம்?

திரை தயாராகும் வரை படத்தை நிறுத்தி வைக்கும் வி-சிங்க்கை அணைத்தால் கேம் சுறுசுறுப்பாகுது என்கிறார்கள். அளந்து பார்ப்போமா?

செல்போனில் விநாடிக்கு 240 பிரேம் எடுக்கும் ஸ்லோமோஷனை வையுங்கள். மவுஸ் பட்டனும் திரையும் ஒரே காட்சியில் தெரியணும். பட்டன் அமுங்கிய பிரேம் முதல் திரையில் துப்பாக்கி வெடிக்கும் பிரேம் வரை எண்ணுங்கள். ஒரு பிரேம் 4.17 மில்லிசெகண்ட்.

ஒரே கிளிக்கை நம்பாதீங்க. 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் படம் மாற்றும்; கிளிக் விழும் நேரத்தைப் பொறுத்தே 4 பிரேம் வரை விடை மாறும். எனவே ஒவ்வொரு அமைப்புக்கும் 20 கிளிக் எடுத்து, சராசரி காணுங்கள்.

என் கணினியில் வி-சிங்க்குடன் சராசரி 21 பிரேம், அணைத்தபின் 13. மிச்சம் 33 மில்லிசெகண்ட். நண்பன் சொன்னது சரிதான்! ஆனால் புது மவுஸ் மாற்றியபோது குறைந்தது அரை பிரேம்கூட இல்லை. அது 20 கிளிக்கில் தானாக வரும் ஏற்ற இறக்கம். அதை நம்பிக் காசைக் கரைக்காதீங்க.