பழைய செட் கூடுகிறது, போக மனமில்லை

கேள்வி: இங்கே செராமிக் டிப்ளமோ முடித்த எங்கள் செட் இருபது வருடம் கழித்துக் கூடுகிறது. பலர் பெரிய கம்பெனிகளில் இருக்கிறார்கள். நான் தொழிற்பேட்டையில் தினக்கூலிக்கு ஃபியூஸ் கேரியர் அச்சடிக்கிறேன். போகக் கூச்சமாக இருக்கிறது. எப்படி மறுப்பது?
- ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: போகாமல் இருப்பதில் தப்பில்லை. ஆனால் "வெளியூர் போகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கூட்டம் உங்கள் ஊரிலேயே நடக்கிறது. அன்று மாலையே டீக்கடையில் யாராவது உங்களைப் பார்த்துவிடுவார்கள். பிறகு அந்தப் பொய்தான் பேச்சாகும்.

சாப்பாட்டுக்குத் தலைக்கணக்கு கொடுப்பதற்கு முன்பே, ஏற்பாடு செய்பவருக்குத் தனியாக அனுப்புங்கள்: "இந்தத் தடவை வரலைடா. எல்லாரையும் கேட்டதா சொல்லு." குரூப்பில் போட்டால் ஆளாளுக்கு "ஏன்டா?" என்பார்கள், ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

"உன் பங்கை நாங்க போட்டுக்கறோம்" என்று யாராவது சொல்லலாம். அன்பில் சொல்வதுதான், ஆனாலும் சுருக்கென்று தைக்கும். "காசு இல்லடா காரணம், கூட்டத்துக்கு வர மனசு வரலை" என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

அந்த செட்டில் உங்களுக்கு நெருக்கமானவர் ஒருவராவது இருப்பார். அவரை மட்டும் முந்தின நாள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.