இரண்டாக மடங்கும் ஷூ நல்ல ஷூ அல்ல

கடைக்குக் கடை இதே வித்தையைத்தான் காட்டுகிறார்கள். ஷூவின் முனையைப் பிடித்துக் குதிகாலோடு ஒட்டவைத்து, “பாருங்க, எவ்வளவு சாஃப்ட்! நல்ல ஷூன்னா இப்படித்தான் மடங்கணும்” என்கிறார்கள். வாங்க வந்தவரும் தலையாட்டிவிட்டுப் பணம் கட்டிவிட்டுப் போகிறார். ஷூ தயாரிப்பிலேயே காலம் கழித்த எனக்கு இதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம்தான் வருகிறது.

நடக்கும்போது பாதம் மடங்கும் இடம் விரல்களின் அடிமூட்டு. நடுப்பாதம் அப்படி மடங்குவதில்லை. ஆகவே ஷூவும் விரல் மூட்டுக்கு நேராக மட்டும்தான் மடங்க வேண்டும். நடுவில் மடங்கும் ஷூ, பாதம் மடங்காத இடத்தில் மடங்குகிறது. ஹீல் வைத்த ஷூவில் இது இன்னும் மோசம். குதிகால் ஹீலின் மேல் நிற்கிறது, முன்பாதம் தரையில் நிற்கிறது, நடுப்பகுதிக்குக் கீழே ஒன்றுமே இல்லை. இரண்டு தூண்களுக்கு நடுவே போட்ட பாலம் மாதிரி அந்த இடைவெளியைத் தாங்கத்தான் ஷாங்க் வைக்கிறோம்.

ஷாங்க் என்பது சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டை. பெரும்பாலும் ஸ்பிரிங் ஸ்டீல். வளையாமல் இருக்க நடுவில் நீளவாக்கில் ஒரு வரம்பு எழுப்பியிருப்பார்கள். நைலான், ஃபைபர் கிளாஸ், மரம் ஆகியவற்றிலும் உண்டு. இன்சோல் போர்டுக்கும் அவுட்சோலுக்கும் நடுவே உட்காருவதால் கண்ணில் படாது. பின்முனை ஹீலின் மேல் நன்றாக ஏறியிருக்க வேண்டும். முன்முனை விரல் மடியும் கோட்டைத் தொடாமல் சற்று முன்பே நின்றுவிட வேண்டும். முன்னால் நீண்டால் விரல் மடியாது. பின்னால் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு ஷூவைச் சொல்கிறேன்.

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் ஒரு பெண் தன் இரண்டு அங்குல ஹீல் ஷூவைக் கொண்டுவந்தார். அடி வைக்கும்போதெல்லாம் ‘டிக்’கென்று சத்தம், ஹீல் பின்பக்கமாகச் சாய்ந்திருந்தது. மேஜையில் வைத்துப் பார்த்தால் முனை முன்பைவிடத் தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே இன்சோல் மேல் ஒட்டியிருந்த துணியை உரித்துப் பார்த்தேன். ஷாங்க்கின் பின்முனை ஹீல் தொடங்கும் விளிம்போடு முடிந்திருந்தது. உடல் எடை முழுவதும் அந்த விளிம்பிலேயே விழுந்து, இன்சோல் போர்டு அங்கே முறிந்திருந்தது. பட்டை ஆடியதுதான் சத்தம். போர்டைச் சரிசெய்து, நீளமான ஷாங்க்கை வைத்து ஒட்டியதும் ஹீல் நேராகிவிட்டது.

கடையில் நீங்களே சோதிக்கலாம். குதிகாலை ஒரு கையால் பிடித்து, மறுகையால் முனையை மேலே தள்ளுங்கள். முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, விரல் மூட்டு வரும் இடத்தில் மடங்கினால் சரி. நடுவில் மடங்கினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அடுத்து, துணி பிழிவதுபோல் முன்னும் பின்னும் எதிரெதிராகத் திருகுங்கள். நடுப்பகுதி லேசாக மட்டும் அசைய வேண்டும். மேஜையில் வைத்து உள்ளே கட்டைவிரலால் ஹீலுக்கு முன்னால் அழுத்துங்கள். அமுங்கி இறங்கக் கூடாது. பூட்ஸ் என்றால் போட்டுக்கொண்டு படி விளிம்பில் நடுப்பாதத்தை வைத்து நில்லுங்கள். விளிம்பு உள்ளங்காலை அறுப்பதுபோல் குத்தினால், ஏணியில் நிற்கும் வேலைக்கு அது உதவாது.

மெத்தென்ற இன்சோல் போட்டால் போதும் என்பது தவறு. அடியில் இருக்கும் ஷூ மடங்கினால் இன்சோலும் சேர்ந்துதான் மடங்கும். ஸ்டீல் ஷாங்க் இருந்தால் ஆணி குத்தாது என்பதும் தவறு, ஆபத்தும்கூட. ஒன்றரை சென்டிமீட்டர் பட்டை எப்படிப் பாதம் முழுவதையும் காக்கும்? அதற்கு அடி முழுக்க விரிந்த தகடு தனியாக வேண்டும். எல்லா ஷூவுக்கும் ஷாங்க் வேண்டும் என்பதும் இல்லை. தட்டையான கேன்வாஸ் ஷூவில் நடுப்பகுதிக்கும் தரையே தாங்கல். அடி முழுதும் கட்டையாக நிறைந்த வெட்ஜ் ஹீலில் இடைவெளியே கிடையாது. பல ஓட்ட ஷூக்களில் தடித்த சோலே அந்த வேலையைச் செய்கிறது.

விலை, நிறம், தோலா ரெக்சினா என்றெல்லாம் பெட்டியில் அச்சிடுகிறார்கள். உள்ளே ஷாங்க் உண்டா, ஸ்டீலா பிளாஸ்டிக்கா என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ செய்கிறவர்களுக்கு உள்ளே என்ன வைத்தோம் என்பது தெரியும். வாங்குகிறவருக்கும் தெரியட்டும். அடுத்த முறை ஹீல் ஷூவோ பூட்ஸோ வாங்கும்போது கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் உங்கள் கையால் மடக்கிப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.