திரைச்சீலையில் தோன்றும் மாய அலைகள்

பகலில் சன்னலோரம் தொங்கும் மெல்லிய திரைச்சீலையைக் கூர்ந்து பாருங்கள். இரண்டு மடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் இடத்தில், அலை போன்ற கருமையான பட்டைகள் தெரியும். துணியில் அப்படி எதுவும் நெய்யப்படவில்லை. பிறகு அவை எப்படி வந்தன?

மெல்லிய துணி ஒரு நுண்ணிய வலை. ஒளி அதன் இடைவெளிகள் வழியே நேராக வருகிறது. முன்மடிப்பின் இடைவெளிகளும் பின்மடிப்பின் இடைவெளிகளும் நேருக்கு நேர் அமைந்த இடம் வெளிச்சமாகத் தெரியும். பின்மடிப்பின் நூல்கள் முன்மடிப்பின் இடைவெளிகளை மறைக்கும் இடம் இருண்டு தெரியும். இதை ‘மொய்ரே’ கோலம் என்பர்.

துணி ஒன்றுதானே, நூல்கள் ஏன் சீராகப் பொருந்துவதில்லை? தொலைவுதான் காரணம். துணியில் ஒரு சென்டிமீட்டருக்கு 20 நூல்கள் இருப்பதாகக் கொள்வோம். முன்மடிப்பு கண்ணிலிருந்து 100 செ.மீ., பின்மடிப்பு 105 செ.மீ. தொலைவில் உள்ளன. தொலைவிலுள்ளது சிறிதாகத் தெரிவதால், முன்மடிப்பின் 20 நூல்களுக்குப் பின்னே 21 நூல்கள் தெரியும் (20 × 105 ÷ 100 = 21). ஒரு நூல் கூடுவதால், சென்டிமீட்டருக்கு ஓர் இருண்ட பட்டை உருவாகிறது. மடிப்புகள் நெருங்க நெருங்க, பட்டைகள் அகலமாகும். ஒரே அடுக்குத் துணியில் அவை தோன்றா.

அது கறையாக இருக்குமோ என்ற ஐயமா? தலையைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்துங்கள். கறை அசையாது, மொய்ரே பட்டைகள் உங்களுடனேயே நகரும்.