'மேலும்' தொடுவதற்கு முன் இரண்டு வரி

மளிகைக் கடைக்காரர்கள் வாடிக்கையாளரின் கடனைக் குறித்து வைக்க ஒரு செயலி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் விவரணை இப்படித் தொடங்குகிறது: “எங்கள் செயலிக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்! சிறு வணிகர்களின் வாழ்க்கையை மாற்றும் நோக்குடன் உருவாக்கப்பட்ட நவீன, எளிய, பாதுகாப்பான செயலி இது.” பிழையென்று எதுவும் இல்லை. ஆனால் இதே இரண்டு வரியைத் தையல் கடைச் செயலிக்கும் டியூஷன் சென்டர் செயலிக்கும் அப்படியே ஒட்டலாம். கடன் கணக்கு என்ற சொல்லே 'மேலும்' என்பதைத் தொட்ட பிறகுதான் வருகிறது. பெரும்பாலானோர் அதைத் தொடுவதில்லை.

முதலில் எந்தச் செயலிக் கடைக்கு எழுதுகிறோம் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கூகுள் பிளேயில் கண்ணில் படுவது 80 எழுத்துக்குள் அடங்கும் குறுவிவரணை. 4,000 எழுத்து வரை நீளும் முழு விவரணை அதைத் தொட்டால்தான் திறக்கும். ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் அப்படித் தனிக் குறுவிவரணை கிடையாது. விவரணையின் முதல் சில வரிகளே தெரியும். 170 எழுத்து கொண்ட விளம்பர உரையை நிரப்பினால் அது விவரணைக்கு மேலே வந்து உட்கார்ந்து, அந்த வரிகளைக் கீழே தள்ளிவிடும். பண்டிகைச் சலுகைக்காக அதை நிரப்பிவிட்டு, பண்டிகை முடிந்த பிறகும் நீக்க மறந்துவிடுகிறவர்கள் உண்டு.

தொடக்க வரிக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: செயலி செய்யும் வேலையைச் சொல்வது, வாசகரின் தயக்கத்தைப் போக்குவது, பிறர் தந்த பாராட்டைக் காட்டுவது.

மூன்றாவதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். விருது, பாராட்டு போன்றவற்றை விவரணையின் முடிவிலோ விளம்பர உரையிலோ வைக்கும்படி ஆப்பிளே அறிவுறுத்துகிறது. யார் சொன்னார் என்று தெரியாத பயனர் புகழுரைகளை விவரணையில் சேர்க்க கூகுள் அனுமதிப்பதில்லை. எல்லோருக்கும் பெயர் தெரிந்த செயலிக்கு வேண்டுமானால் இந்த வழி உதவும். அதைத் தேடி வருகிறவர் அது என்ன செய்யும் என்று அறிந்தே வருகிறார். புதிய செயலிக்கு அந்த வசதி இல்லை.

மீதி இரண்டில் ஒன்றை விட்டால் மற்றது பாதியாகிவிடும். வேலையை மட்டும் சொன்னால், அதே வேலையைச் செய்யும் பத்துச் செயலிகளில் இதுவும் ஒன்றாகிவிடும். தயக்கத்தை மட்டும் போக்கினால், எதற்கான செயலி என்றே புரியாது. அதனால் முதல் வாக்கியம் வேலைக்கு, இரண்டாவது தயக்கத்துக்கு.

எந்தத் தயக்கம் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. போட்டிச் செயலிகளுக்கு வந்த ஒரு நட்சத்திர விமர்சனங்களை வாசித்தால் போதும். நம் எடுத்துக்காட்டில், நெட் இல்லாதபோது கணக்கு திறக்கவில்லை, கல்லாவில் கூட்டம் நிற்கும்போது விளம்பரம் குறுக்கே வருகிறது என்ற இரண்டு குறைகளே திரும்பத் திரும்ப வருவதாகக் கொள்வோம். திருத்திய வரி இதுதான்:

“மளிகைக் கடன் கணக்கைப் போனில் எழுதுங்கள். இன்டர்நெட் வேண்டாம், விளம்பரம் இல்லை.”

இதில் 'எளிய', 'நவீன' இரண்டும் போய்விட்டன. கடைக்காரர் தன் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய உண்மைகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

தமிழில் எழுதுகிறவர் இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்கு இந்த வரி இடைவெளியும் புள்ளியும் சேர்த்து 51 எழுத்துதான். யூனிகோடு முறையில் 'கு' என்பது இரண்டு குறி, 'க்' என்பதும் இரண்டு. அப்படி எண்ணினால் 78 வந்துவிடும். கண்ணால் எண்ணி 80 எழுத்துக்கு எழுதுகிறவரின் வரி பெட்டியில் நுழையாது. நுழைக்க அவசரமாக வெட்டும்போது பெரும்பாலும் பலியாவது கடைசியில் நிற்கும் 'விளம்பரம் இல்லை'தான்.

எந்த வரி வெல்கிறது என்று சோதிப்பதிலும் இரு கடைகளும் வேறுபடுகின்றன. கூகுள் பிளே கன்சோலில் பழைய குறுவிவரணைக்கு எதிராக மூன்று மாற்று வரிகள் வரை நிறுத்தி, வருகிறவர்களுக்குப் பிரித்துக் காட்டலாம். அப்போது ஐகானையும் படங்களையும் தொடாமல் இருக்க வேண்டும்; தொட்டால் மாற்றம் எதனால் வந்தது என்று தெரியாது. ஆப்பிளின் பக்கச் சோதனையில் ஐகான், படம், வீடியோ மட்டுமே உண்டு, எழுத்து இல்லை. விவரணையைத் திருத்தப் புதிய பதிப்பும் அனுப்ப வேண்டும். விளம்பர உரைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எனவே அங்கே புது வரியை முதலில் விளம்பர உரையில் சில வாரம் வைத்துப் பார்த்து, பிடித்தால் அடுத்த பதிப்பில் விவரணையின் தலைக்கு மாற்றுவது வசதி. தேதி வாரியாக ஒப்பிடும் இந்த முறை கூகுளின் சோதனை அளவுக்கு நம்பகமானது அல்ல; நடுவில் பண்டிகை வந்தால் எண்ணிக்கை குழம்பும்.

கூகுளின் முடிவைப் படிக்கும்போது முதல்முறை நிறுவியவர்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடக் கூடாது. ஒரு நாளாவது நீக்காமல் வைத்திருந்தவர்களின் எண்ணிக்கை தனியே கிடைக்கும். 'இன்டர்நெட் வேண்டாம்' என்று சொல்லிவிட்டு, திறந்ததும் இணைய இணைப்போடு பதிவு செய்யச் சொன்னால், முதல் எண் ஏறும், இரண்டாவது எண் இறங்கும். அப்போது மாற்ற வேண்டியது அந்த வாக்குறுதியை, இல்லையென்றால் பதிவுத் திரையை.