கப்பல் கண்ணெதிரே, பெட்டி போவது கொச்சிக்கு

விழிஞ்ஞத்தைச் சுற்றி, வெள்ளார் கைவினைக் கிராமத்திலும் அதற்கு வெளியிலும், சிரட்டையில் கிண்ணமும் கரண்டியும் விளக்கும் செய்கிறவர்கள் இப்போது அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அண்ணாச்சி, கப்பல் கண்ணு முன்னாடி நிக்குது. நம்ம பெட்டிய இங்கயே ஏத்திரலாம்ல?" கேட்பதோடு நின்றால் பரவாயில்லை. துபாய்க்காரர் விலை கேட்டு எழுதியதும், "எஃப்ஓபி விழிஞ்ஞம்" என்று பதிலும் போட்டுவிடுகிறார்கள்.

அந்த இரண்டு சொல்லில் இரண்டு தவறு இருக்கிறது.

முதல் தவறு துறைமுகம். 2024 ஜூலையில் 'சான் ஃபெர்னாண்டோ' வந்தபோதும், 2025 ஜூனில் உலகின் மிகப்பெரிய சரக்குக் கப்பல்களில் ஒன்றான 'எம்எஸ்சி இரினா' வந்தபோதும் இங்கே நடந்தது பெரும்பாலும் கப்பல் மாற்றும் வேலைதான். ஒரு கப்பலில் வந்த கன்டெய்னரை இறக்கி இன்னொன்றில் ஏற்றுவார்கள். உங்களிடம் இருப்பதோ பதினைந்து அட்டைப்பெட்டி. அது கன்டெய்னரை நிரப்பாது. பலருடைய சரக்கோடு சேர்த்து ஒரே கன்டெய்னரில் அடுக்கும் 'எல்சிஎல்' முறையில்தான் போகவேண்டும். அதற்குச் சுங்க அனுமதியுள்ள கிடங்கு வேண்டும். அதைத் தொழிலில் சிஎஃப்எஸ் என்பார்கள். அப்படிப்பட்ட கிடங்குகள் உள்ள கொச்சி இங்கிருந்து 200 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, தூத்துக்குடியும் ஏறக்குறைய அதே தூரம். உங்கள் பெட்டியை எந்தக் கிடங்கில் வாங்குவார்கள் என்று சரக்கு அனுப்பும் ஏஜென்ட் எழுத்தில் சொன்ன பிறகே விலைக் கடிதத்தில் ஊர்ப்பெயர் போடுங்கள். கடற்கரையிலிருந்து பார்த்துவிட்டுப் போடாதீர்கள்.

இரண்டாவது தவறு 'எஃப்ஓபி'. எல்லோரும் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எஃப்ஓபி என்றால் சரக்கு கப்பலில் ஏறும்வரை பொறுப்பு உங்களுடையது. நீங்களோ பெட்டிகளைக் கிடங்கில் கொடுத்துவிட்டு லாரியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவீர்கள். அதன்பிறகு கன்டெய்னர் நிரம்பி, மூடி, துறைமுகத்துக்குப் போய், கப்பல் வரும்வரை சில நாள் ஆகும். அந்த நாட்களில் பெட்டி நனைந்தாலும் நசுங்கினாலும் நஷ்டம் உங்களுக்கு, ஆனால் அங்கே உங்கள் கை எட்டாது. 2020-ஆம் ஆண்டு இன்கோடெர்ம்ஸ் விதிகள் கன்டெய்னர் சரக்குக்கு 'எஃப்சிஏ' முறையைப் பரிந்துரைப்பது இதனால்தான். எஃப்சிஏயில் நீங்கள் பெயர் சொன்ன இடத்தில், அதாவது கிடங்கு வாசலில், ஒப்படைத்ததும் பொறுப்பு கைமாறிவிடும். ஏற்றுமதிச் சுங்க வேலை மட்டும் உங்களுடையது. விலைக் கடிதத்தில் இப்படித் தட்டச்சு செய்யுங்கள்:

```
USD 1.70 per piece, FCA <CFS name>, Kochi, Incoterms 2020
```

கிடங்கின் பெயர் இல்லாமல் வெறும் "Kochi" என்று விட்டால், எந்த வாசல் என்று பிறகு சண்டை வரும்.

வாங்குபவர் வேறு முறை கேட்பார். 'எக்ஸ்வொர்க்ஸ்' என்றால் சுங்க வேலையும் அவர் தலையில் விழும். வெளிநாட்டுக்காரர் இங்கே ஏற்றுமதிச் சீட்டு எடுப்பது நடக்கிற காரியமில்லை, கடைசியில் அது உங்களிடமே காசில்லாமல் வந்து சேரும். 'சிஐஎஃப்' என்றால் கப்பல் கூலியும் காப்பீடும் நீங்கள் கட்டுவீர்கள். இங்கே ஒரு தந்திரம் நடக்கிறது. சில ஏஜென்ட்கள் எல்சிஎல் கூலியை அடிமாட்டு விலைக்குச் சொல்வார்கள், சில சமயம் இலவசம் என்றும் சொல்வார்கள். அந்தப் பணத்தை மறுகரையில் கிடங்குக் கட்டணம், ஆவணக் கட்டணம் என்று உங்கள் வாடிக்கையாளரிடம் கறந்துவிடுவார்கள். கிண்ணத்தின் விலையை விடப் பெரிய பில் பார்த்தவர் அடுத்த ஆர்டர் தரமாட்டார். ஏஜென்டை அவரே நியமிக்கட்டும். எஃப்சிஏயில் அது தானாகவே அப்படி அமைந்துவிடுகிறது.

'டிடிபி' பக்கமே போகாதீர்கள். அதில் அந்த நாட்டு இறக்குமதி வரியும் உங்கள் கணக்கில் வரும். அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29-இல் 800 டாலர்வரை இருந்த வரிவிலக்கை எடுத்துவிட்டது. இந்திய அஞ்சல் துறை அதற்குச் சில நாள் முன்பே அந்நாட்டுக்கான பெரும்பாலான பார்சல்களை நிறுத்தி, அக்டோபர் நடுவில்தான் மறுபடி தொடங்கியது. அந்தச் சமயத்தில் டிடிபி விலை பேசியிருந்தவர்களுக்கு ஒரே இரவில் லாபம் போனது.

இனி விலை. மூலப்பொருள், கூலி, லாபம் என்று கூட்டத் தெரியாதவர் யாருமில்லை, அதை விட்டுவிடுகிறேன். உங்கள் சொந்தக் கூலியையும் செலவில் சேர்த்திருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள். கணக்கு கெடுவது பெட்டியின் கன அளவில்.

40 சென்டிமீட்டர் கனசதுரப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கன அளவு 0.064 கன மீட்டர். விமான கூரியர்காரர்கள் சென்டிமீட்டரில் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதை எடையாக வைப்பார்கள். இந்தப் பெட்டிக்கு 12.8 கிலோ. இந்த எடை, உண்மையான எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. 120 கிராம் கிண்ணங்களைத் தனித்தனியாகச் சுற்றிக் குப்புற அடுக்கினால் 48 பிடிக்கும், பெட்டியோடு எடை சுமார் 7 கிலோ. காசு 12.8-க்கு. ஒன்றுக்குள் ஒன்றாக, நடுவில் மெல்லிய தாள் வைத்து அடுக்கினால் 90 வரை போகும். எடை சுமார் 12.3 கிலோ ஆகும், காசோ அதே 12.8 கிலோவுக்கு. அதனால் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி கிண்ணத்தின் வாயைக் கொஞ்சம் விரித்துச் செய்யுங்கள். அடுக்கும் முன் எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும். இல்லையென்றால் தாள் ஒட்டிக்கொண்டு மேல்பூச்சோடு உரிந்து வரும். ஈரம் விட்டுவைத்த சிரட்டை கடலில் பூஞ்சை பிடிக்கும். அடுக்கும் முன் இரண்டு கிண்ணத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வைத்துப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்தால் இன்னும் காயவேண்டும்.

கப்பலில் எல்சிஎல் கூலி கன மீட்டருக்கு, அல்லது டன்னுக்கு, எது அதிகமோ அதற்கு. சிரட்டையில் எப்போதும் கன மீட்டர்தான். பெரும்பாலும் ஒரு கன மீட்டருக்குக் குறைந்தாலும் ஒன்றுக்கான காசு வாங்குவார்கள். பதினைந்து பெட்டி 0.96. ஐந்து பெட்டி அனுப்பினாலும் கட்டணம் அதேதான். இங்குள்ள செலவும் அப்படித்தான்: லாரி, சுங்க முகவர், கிடங்குக் கட்டணம், ஆவணக் கட்டணம் எதுவும் பெட்டி எண்ணிக்கையைப் பார்த்து அவ்வளவாக ஏறி இறங்காது.

எடுத்துக்காட்டாக, பட்டறையில் பொதிந்து லாபம் சேர்த்து ஒரு கிண்ணம் 125 ரூபாய், கொச்சிவரை மொத்தச் செலவு 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து பெட்டியில் 1,350 கிண்ணம். ஒவ்வொன்றின் தலையிலும் செலவு 13 ரூபாய் சொச்சம். 138 ஆகிறது. வங்கிக் கட்டணம், மாற்று வீத இழப்புக்கு 3 சதவீதம் ஒதுக்கினால் 143 பக்கம். டாலரை 85 ரூபாய் என்று, அன்றைய வீதத்துக்குக் கீழேயே கணக்கு வைத்தால், 1.68, 1.70 என்று எழுதலாம். இதே கிண்ணம் ஐந்து பெட்டியில் 450 மட்டும் போனால் தலைக்கு 40 ரூபாய் செலவு ஏறி, விலை 2 டாலர் ஆகிவிடும். ஆகவே இரண்டு விலை கொடுங்கள்: 1,350-க்கு 1.70, 450-க்கு 2.00. "கொஞ்சமா எடுத்துப் பாக்கறேன், அதே விலை போடுங்க" என்பவரிடம் காட்ட ஒரு காகிதம் கையில் இருக்கும். விலைக்குக் காலக்கெடு 30 நாள், முன்பணம் பாதி. இதில் நான் யாருக்கும் தளர்வு சொல்வதில்லை.

ஒன்றிரண்டு பெட்டிதான் என்றால் இந்த வம்பே வேண்டாம். அஞ்சல் துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரா வழியாக, அஞ்சல் ஏற்றுமதிச் சீட்டை இணையத்தில் போட்டு அனுப்பிவிடலாம்.

ஆவணங்களில் முதலில் நிலையானவை. டிஜிஎஃப்டி தளத்தில் 500 ரூபாய் கட்டி ஐஇசி எண் வாங்குங்கள். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதைப் புதுப்பிக்கவேண்டும். விவரம் எதுவும் மாறாவிட்டாலும் உள்ளே போய் உறுதி செய்யாவிட்டால் எண் முடங்கிவிடும். வங்கி தரும் ஏடி கோடைச் சுங்கத்தின் ICEGATE தளத்தில் பதியவேண்டும். ஜிஎஸ்டி கட்டாமல் அனுப்ப GST RFD-11 படிவத்தில் எல்யூடி கொடுக்கவேண்டும். அதுவும் நிதியாண்டு முடிந்தால் காலாவதி. ஏப்ரலில் இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள்.

ஒவ்வொரு சரக்கின் காகிதங்களிலும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் மூன்றும் ஒரே எண்ணிக்கை, ஒரே எடை, ஒரே பெயர் சொல்லவேண்டும். பெட்டி மூடி எடை போட்ட பிறகே இன்வாய்ஸ் அடியுங்கள். முன்னால் அடித்தால், கடைசி நிமிடத்தில் விரிசல் கண்டு எடுத்த இரண்டு கிண்ணம் காகிதத்தில் இருக்கும், பெட்டியில் இருக்காது. பொருளை "கைவினைப் பொருள்" என்று எழுதாதீர்கள். அதிகாரிக்கு அது எதையும் சொல்லாது. தேங்காய்ச் சிரட்டைக் கிண்ணம், கையால் இழைத்தது, எண்ணெய் பூசியது என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். சுங்கத் தலைப்பு பொதுவாக 9602 பக்கம் வரும். 'மரக் கிண்ணம்' என்று எழுதினால் வேறு தலைப்பு, வேறு கேள்விகள். உணவுக்கு என்று எழுதினால் அந்த நாட்டின் உணவுத்தொடர்புச் சான்று கேட்பார்கள். சான்று கையில் இல்லையென்றால் அலங்காரப் பொருளாக விற்கும்படி வாங்குபவரிடம் முன்கூட்டியே பேசிவைத்து, அப்படியே எழுதுங்கள்.

முகவர் ஷிப்பிங் பில்லைத் தாக்கல் செய்யும் முன் 'செக்லிஸ்ட்' என்று ஒரு வரைவு அனுப்புவார். வாட்ஸ்அப்பில் வந்ததும் பார்க்காமல் "ஓகே" போடுவதுதான் இந்தத் தொழிலின் பெரிய நோய். நான்கு இடம் பாருங்கள்: உங்கள் பெயரும் ஐஇசி எண்ணும், ஏடி கோடு, சுங்கத் தலைப்பு, ஜிஎஸ்டி கட்டத்தில் LUT என்று இருக்கிறதா என்பது. அந்தக் கட்டத்தில் வரி கட்டியதைக் குறிக்கும் P விழுந்துவிட்டால், நீங்கள் கட்டாத வரியைக் கட்டியதாகச் சொன்னது போலாகும். சரக்கை அனுப்பச் சுங்கம் அனுமதி தந்த பிறகு திருத்தவேண்டுமென்றால் விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு. எஃப்சிஏ விலை பேசியிருந்தாலும் ஷிப்பிங் பில்லில் எஃப்ஓபி மதிப்பு என்று ஒரு கட்டம் கேட்கும். அது சுங்கத்தின் கணக்குக்கான எண், பயப்படவேண்டாம். என்ன போடுகிறார் என்று முகவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

துபாய் என்றால் இன்னொரு காகிதம் உண்டு. இந்தியா-அமீரக ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் சுங்கத் தலைப்பு அதில் சலுகை பெறுமா என்று பார்த்து, பூர்விகச் சான்றை டிஜிஎஃப்டியின் இணையவழியில் எடுங்கள். அதில் போடும் தலைப்பு இன்வாய்ஸில் உள்ளதோடு பொருந்தவேண்டும். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு வாங்குபவர் கேட்டு நீங்கள் தேடுவதற்குள், அவர் வரியைக் கட்டிவிட்டு அடுத்த முறை விலையில் கழிப்பார்.

பணம் வந்ததும் வங்கியில் ஷிப்பிங் பில் எண்ணைச் சொல்லிக் கணக்கை முடிக்கச் சொல்லுங்கள். பணம் அனுப்பியவர் பெயர் இன்வாய்ஸில் உள்ள பெயராக இல்லாமல் வாங்குபவரின் மைத்துனர் பெயராக இருந்தால் வங்கி கேள்வி கேட்கும். வளைகுடாக் கடைகளில் இது சகஜம். முன்பணம் வாங்கும்போதே எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று கேட்டு, அந்தப் பெயரையும் இன்வாய்ஸில் ஏற்றிவிடுங்கள்.