டான்சில் வீக்கமும் தயிர் சாதக் கடிதமும்

நாலாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் போன ஜூலையில் டான்சில் வீங்கிக் கடும் காய்ச்சல். வாயைத் திறந்தால் இரண்டு பக்கமும் சிவந்த உருண்டைகள், அவற்றின்மேல் வெள்ளைப் புள்ளிகள். பிள்ளைகளுக்கு வரும் டான்சில் வீக்கம் பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. இவளுக்கு இருமலும் சளியும் இல்லை, கழுத்தில் நெறி கட்டியிருந்தது. பாக்டீரியா தொற்று என்று பார்த்து, டாக்டர் 10 நாளுக்கு மருந்து எழுதினார். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. விழுங்கும்போது வலிப்பது மட்டும் போகவில்லை. அந்த வலியோடுதான் அவள் பள்ளிக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

விடுப்புக் கடிதம் எழுத எல்லாருக்கும் தெரியும். பிள்ளை திரும்பிப் போகும் நாளில் கொடுத்தனுப்பும் கடிதம்தான் கடினம். வகுப்பில் நாற்பது பிள்ளைகளைப் பார்க்கும் ஆசிரியைக்கு நோயின் கதை வேண்டாம். ‘இவளை வகுப்பில் உட்கார வைக்கலாமா, நான் என்ன செய்ய வேண்டும், எதுவரை?’ இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் போதும்.

முதல் கேள்விக்கு ஒரே வரி போதும். பாக்டீரியா தொற்று என்றால், ஆன்டிபயாடிக் தொடங்கி 24 மணி நேரம் கழிந்து, காய்ச்சலும் இல்லாமல் இருந்தால் பொதுவாக மற்றவர்களுக்குப் பரவாது. வைரஸ் என்றால் காய்ச்சல் மாத்திரை கொடுக்காமலேயே ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் இல்லை என்று எழுதலாம். இதை எழுதாவிட்டால் பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் அம்மாவிடமிருந்து ஆசிரியைக்குப் போன் போகும்.

சாப்பாட்டு விஷயத்துக்குத்தான் அதிகம் யோசித்தேன். குழைந்த சாதம் சூட்டோடு மிருதுவாக இருக்கும், ஆறினால் கட்டியாகிவிடும். காலை ஏழரைக்குக் கட்டும் டப்பாவை அவள் திறப்பது பன்னிரண்டரைக்கு. இட்லியின் ஓரம் அதற்குள் காய்ந்துவிடும். இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றி அனுப்பினால் வெயிலில் கெட்டுவிடும். கடைசியில் கைகொடுத்தது தயிர் சாதம். சாதத்தைத் தண்ணீர் கூட்டி வைத்துக் குழைய வடித்து, சூட்டிலேயே மசித்து, வெதுவெதுப்பானதும் காய்ச்சி ஆறிய பாலைத் தளரத் தளர ஊற்றி, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் சேர்த்துக் கலந்துவிடுவேன். மதியத்துக்குள் அது புளிக்காமல் உறைந்து, கட்டியாகாமல் இருக்கும். கடுகு, மிளகாய், இஞ்சி எதுவும் தாளிப்பதில்லை. புண்ணான தொண்டையில் கடுகுகூட உரசும். மிளகு ரசமும் அப்படித்தான். சளிக்கு இதமான அதே ரசம் இந்தத் தொண்டையில் எரிந்தது. எலுமிச்சை சாதம், ஆரஞ்சு, முறுக்கு, சிப்ஸ், காய்ந்த ரொட்டி எதுவும் ஆகவில்லை.

இதில்தான் ஒரு சிக்கல். நம் ஊரில் தொண்டை வலி என்றால் தயிரும் வாழைப்பழமும் ஆகாது. என் மாமியாரே டப்பாவைப் பார்த்துவிட்டு, “தொண்டைக்கு முடியாத புள்ளைக்குத் தயிர் சாதமா கட்டுற?” என்று கேட்டார். மதிய உணவு நேரத்தில் மேற்பார்வை பார்க்கும் ஆயாம்மாவும் அக்கறையோடு டப்பாவை மூடி வைத்துவிட்டு, தோழியின் சாம்பார் சாதத்தில் கொஞ்சம் கொடுக்கச் சொல்லலாம். டாக்டரைக் கேட்டதற்கு, குளிர்ச்சியானதோ வெதுவெதுப்பானதோ, அவளுக்கு விழுங்க எது எளிதோ அதைக் கொடுங்கள் என்றார். அதனால் தயிர் சாதம் தெரிந்தேதான் அனுப்பப்படுகிறது என்று கடிதத்தில் எழுதினேன். நான் எழுதிய கடிதம் இது:

“மதிப்பிற்குரிய வகுப்பாசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

என் மகள் டான்சில் தொற்றால் ஜூலை 8 முதல் 12 வரை பள்ளிக்கு வரவில்லை. மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். இப்போது காய்ச்சல் இல்லை. மருந்து தொடங்கி ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டதால் மற்றவர்களுக்குப் பரவாது, வகுப்பில் அமரலாம் என்று டாக்டர் கூறியுள்ளார். மருந்தைக் காலையும் இரவும் வீட்டிலேயே கொடுக்கிறோம்.

விழுங்கும்போது இன்னும் வலிக்கிறது. ஜூலை 19 வெள்ளிக்கிழமை வரை இவற்றுக்கு அனுமதிக்க வேண்டுகிறேன்: மதியம் பத்து நிமிடம் முன்னதாகச் சாப்பிடத் தொடங்கட்டும். தண்ணீர் பாட்டில் மேசையிலேயே இருக்கட்டும். சத்தமாக வாசிக்கவும் பாடவும் சொல்ல வேண்டாம்.

மதியத்துக்குத் தயிர் சாதமும் இடைவேளைக்கு வாழைப்பழமும் டாக்டரைக் கேட்டே அனுப்புகிறோம். பிறர் உணவும், பிறந்தநாள் மிட்டாயும் இப்போதைக்கு வேண்டாம். சாப்பிடாவிட்டால் வற்புறுத்த வேண்டாம், எனக்குத் தெரிவித்தால் போதும்.

காய்ச்சல் திரும்பினாலோ, தண்ணீரே குடிக்க மறுத்தாலோ உடனே அழைக்கவும். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிட்டாலோ, வாயைத் திறக்க முடியாமல் போனாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ எனக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், நான் அங்கே வந்துவிடுகிறேன். விடுபட்ட பாடங்களை வார இறுதியில் எழுதி முடிப்பாள்.

நன்றி.”

கீழே கையெழுத்தும் இரண்டு போன் நம்பர்களும். ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை.

கடைசிப் பத்திக்குக் காரணம் உண்டு. டான்சிலைச் சுற்றிச் சீழ் கட்டினால் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் வலி கூடும், வாய் திறக்காது, வாயில் சுடுசோற்றை வைத்துக்கொண்டு பேசுவதுபோலக் குரல் மாறும். அது அன்றே மருத்துவமனையில் பார்க்க வேண்டியது. ஆசிரியைக்கு அந்த நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை, கண்ணுக்குத் தெரியும் அடையாளம் தெரிந்தால் போதும்.

மருந்து நேரத்தை டாக்டரிடமே பேசி முடித்துவிடுவது நல்லது. மருந்து எழுதும்போதே, பள்ளிக்குப் போகும் பிள்ளை, இரண்டு வேளையாகக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். எல்லா மருந்துக்கும் அது ஒத்துவராது, ஒத்துவந்தால் ஆசிரியையின் தலையில் ஒரு பொறுப்பு குறையும். பிள்ளை தெளிந்துவிட்டாள் என்று நடுவில் நிறுத்தவும் கூடாது. இந்தத் தொற்றைச் சரியாகக் குணப்படுத்தாவிட்டால் சில பிள்ளைகளுக்குப் பின்னால் மூட்டையும் இதயத்தையும் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வரலாம்.

இரண்டாம் நாள் டப்பா பாதியோடு திரும்பியது. ஆசிரியை டைரியில், ‘மெதுவாகச் சாப்பிடுகிறாள், நேரம் போதவில்லை’ என்று எழுதியிருந்தார். மறுநாள் முதல் அளவைக் குறைத்து, இடைவேளைக்குக் கொஞ்சம் சத்துமாவுக் கஞ்சியைச் சின்னப் பிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்தேன். உட்கார்ந்து மெல்ல நேரமில்லாத பிள்ளைக்குக் குடிப்பது எளிது.

கடிதத்தில் முடிவுத் தேதியைக் கட்டாயம் போடுங்கள். ‘குணமாகும் வரை’ என்று எழுதினால், பிள்ளை குணமான பிறகும் வாசிக்க எழுப்ப மாட்டார்கள், பாட்டு வகுப்பில் ஓரமாக உட்கார வைப்பார்கள். வலி நீடித்தால் டாக்டரைப் பார்த்துவிட்டுப் புதுத் தேதியோடு இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும்.