படத்தில் இருப்பது நாதஸ்வரமா, ஒத்தா?

கோயில் திருவிழாப் படம் ஒன்றை யாராவது காட்டினால், சுவாமியின் அலங்காரத்தைக் கண் குளிரப் பார்க்கிறோம். குடையையும் தீவட்டியையும் கூடப் பார்க்கிறோம். சுவாமிக்கு முன்னால் வரிசையாக நிற்பவர்களை மட்டும் 'மேளக்காரர்கள்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம். 'அந்த மாமா கையில் என்ன இருக்கு?' என்று குழந்தை கேட்டால் நமக்குச் சட்டென்று பதில் வருவதில்லை. படத்தில் சத்தம் கேட்காது. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால், சத்தம் இல்லாமலேயே ஒவ்வொரு வாத்தியத்தையும் அடையாளம் சொல்லிவிடலாம்.

நம் முன்னோர் வாத்தியங்களைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று நான்காகப் பிரித்தார்கள். தோலை அடிப்பது, துளையில் ஊதுவது, தந்தியை மீட்டுவது, உலோகத்தோடு உலோகத்தைத் தட்டுவது என்று இதைப் புரிந்துகொள்ளுங்கள். அதனால் படத்தில் முதலில் பார்க்க வேண்டியது வாத்தியத்தின் உருவத்தை அல்ல, வாசிப்பவரை! அவர் வாய் எங்கே இருக்கிறது, கை என்ன செய்கிறது என்று பாருங்கள். உருவத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். உடுக்கையின் இடுப்பைச் சுற்றிக் கயிறு ஓடுகிறது. அதற்காக அது நரம்புக்கருவி ஆகிவிடுமா? வலது கை விரல்கள் தட்டுவது தோலை. கயிறு அந்தத் தோலை இழுத்துப் பிடிக்கத்தான். எனவே உடுக்கை தோற்கருவி.

ஒரு பழைய படத்தைப் பார்ப்போமா?

உங்கள் பிறந்த வீட்டிலோ புகுந்த வீட்டிலோ பழைய கறுப்பு வெள்ளைத் திருவிழாப் படம் ஒன்று இருக்கக்கூடும். பல்லக்குக்கு முன்னால் ஐந்து பேர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று பேர் வாயில் நீளமான குழல். ஒருவர் தோளிலிருந்து பெரிய வாத்தியம் ஒன்று தொங்குகிறது. ஓரத்தில் ஒரு சிறுவன் கையைக் குவித்து நிற்கிறான்.

முதலில் குழல்காரர்களைக் கவனியுங்கள். குழலின் மேல் நுனியைச் சற்று உற்றுப் பாருங்கள். அங்கிருந்து நூலில் சின்னச் சின்னப் பொருட்கள் தொங்குகின்றனவா? அவை மாற்றுச் சீவாளிகள். சீவாளி என்பது நாணலில் செய்த, உதட்டுக்குள் போகும் சிறு பகுதி. காற்றுப் பட்டு அது அதிரும்போதுதான் நாதம் பிறக்கிறது. வாசிப்புக்கு நடுவே சீவாளி கெட்டுப்போனால் உடனே மாற்றிக்கொள்ளவும், அதைச் சரிசெய்யும் ஊசியைக் கைக்கெட்டும்படி வைத்துக்கொள்ளவும்தான் இந்தத் தொங்கல். சீவாளி செருகப்படும் சிறு உலோகக் குழாய்க்குக் கெண்டை என்று பெயர். மரத்தாலான நடுக்குழல் உலவு. அடியில் ஊமத்தம்பூ போல விரிந்திருப்பது அணசு.

தொங்கல் இல்லாமல், குழலின் உடம்பெங்கும் வெள்ளிபோல் மின்னும் சாவிகள் தெரிந்தால் அது கிளாரினெட். தவிலோடு சேர்ந்து அதுவும் நம் ஊர்களில் ஒலித்திருக்கிறது.

விரல்கள் சொல்லும் ரகசியம்

மூன்று குழலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன. அப்படியானால் மூன்றும் நாதஸ்வரமா? இங்கேதான் பலரும் தவறிவிடுகிறார்கள்.

நாதஸ்வரத்தில் ராகம் வாசிக்க ஏழு விரல் துளைகள் வரிசையாக உண்டு. எனவே வாசிப்பவரின் இரண்டு கைகளும் ஒன்றன் கீழ் ஒன்றாகக் குழலின் மேல் இருக்கும். சில விரல்கள் துளையை மூடியும் சில தூக்கியும் இருக்கும். மூன்றாமவரின் கையைப் பாருங்கள். அவர் குழலைச் சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறார். விரல்கள் துளைகளைத் தேடவில்லை. குழலின் மேல் பகுதியில் துளைகளே தெரியவில்லை. அடிப்பகுதியில் மட்டும் நாலைந்து துளைகள். அவர் ஊதுவது ஒத்து!

ஒத்தின் வேலை ஒரே சுருதியை விடாமல் தந்துகொண்டிருப்பது. அதற்கு விரல் துளை தேவையில்லை. கீழே உள்ள துளைகளை மெழுகால் அடைத்தோ திறந்தோ சுருதியை நாதஸ்வரத்தோடு சேர்த்துக்கொள்வார்கள். மூச்சு விடவும் நிறுத்த முடியாது என்பதால், கன்னத்தில் காற்றை அடக்கி அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுப்பார்கள். உப்பிய கன்னமும் ஓர் அடையாளம்தான் என்றாலும், நாதஸ்வரக்காரர் கன்னமும் சில சமயம் உப்பும். ஆகவே விரல்களையே நம்புங்கள்.

இன்று பெரும்பாலான இடங்களில் ஒத்தின் வேலையைச் சுருதிப் பெட்டி செய்துவிடுகிறது. புதிய படங்களில் ஒத்துக்காரரைக் காண்பது அபூர்வம். பழைய படத்தில் அவரையும் 'இன்னொரு நாதஸ்வரம்' என்று எழுதிவிட்டால், அப்படி ஒருவர் நின்றதே அடுத்த தலைமுறைக்குத் தெரியாமல் போய்விடும்.

முழம் போட்டுப் பாருங்கள்

நாதஸ்வரத்திலேயே திமிரி, பாரி என்று இரண்டு வகை உண்டு. திமிரி குட்டையானது, உச்ச சுருதி கொண்டது. பாரி நீளமானது, தாழ்ந்த சுருதி கொண்டது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் (1898-1956) நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்த ரங்கநாதன் ஆசாரியும் சேர்ந்து நீண்ட குழலைச் சீராக்கிய பிறகு பாரியே எங்கும் பரவியது. அந்த நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

படத்தில் இருப்பது எது என்று அளக்க அடிக்குச்சி வேண்டாம். வாசிப்பவரின் கையே அளவு! முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். பூ அளப்பது போலவே, படத்தில் அந்த நீளத்தை ஒரு நூலால் எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பாருங்கள். ஒன்றரை முழத்தைத் தாண்டினால் பாரி. அதை எட்டாவிட்டால் பெரும்பாலும் திமிரி. ஆனால் ஒரு எச்சரிக்கை. குழல் கேமராவை நோக்கி நீட்டியிருந்தால் உள்ளதைவிடக் குட்டையாகத் தெரியும். அணசின் வாய் முழு வட்டமாகத் தெரிந்தால் அந்தப் படத்தில் முழம் போடாதீர்கள். குழல் பக்கவாட்டில் தெரியும் படத்தில்தான் கணக்குச் சரியாக வரும்.

தவிலா, மிருதங்கமா?

நான்காமவர் தோளிலிருந்து தொங்குவது தவில். உட்கார்ந்து வாசிக்கும்போது மிருதங்கத்தோடு குழம்ப வாய்ப்பு உண்டு. கைகளைப் பாருங்கள். மிருதங்கக்காரரின் இரண்டு கைகளும் வெறுங்கை. தவில்காரரின் ஒரு கையில் தடித்த குட்டைக் கழி இருக்கும். மறு கை விரல்களில் வெள்ளையாகக் கூடுகள் மாட்டியிருக்கும். துணியைப் பசையில் தோய்த்துக் காயவைத்துச் செய்த கூடுகள் அவை. கை அசைவில் படம் கலங்கியிருந்தால் முகத்தைப் பாருங்கள். மிருதங்கத்தின் வலது முகத்தில் வட்டமாகக் கறுப்புச் சாந்து பளிச்சென்று தெரியும். தவிலில் அது கிடையாது. அதற்குப் பதில் இரு பக்கமும் தடித்த வளையம் புடைத்து நிற்கும்.

வழக்கமாகக் கழி இடது கையில்தான் இருக்கும். வலது கையில் இருந்தால் அவர் இடக்கைப் பழக்கக்காரராக இருக்கலாம். அல்லது படமே இடம் வலம் மாறி அச்சாகியிருக்கலாம். பின்னால் உள்ள பெயர்ப்பலகையின் எழுத்துக்கள் திரும்பியிருக்கின்றனவா என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

ஓரத்தில் நிற்கும் சிறுவன்? குவிந்த இரு கைகளுக்குள் சிறு உலோகக் கிண்ணங்கள் தெரிகின்றன. அது தாளம், அதாவது கஞ்சக்கருவி. இப்போது கணக்குச் சரியாகிவிட்டது. இரண்டு நாதஸ்வரம், ஒரு ஒத்து, ஒரு தவில், ஒரு தாளம். ஒரு முழுப் பெரிய மேளம்!

வாத்தியமே இல்லாத படம்

ஐம்பொன் விக்கிரகங்களின் படங்களில் இன்னொரு சிக்கல் வரும். காலப்போக்கில் கையிலிருந்த வாத்தியம் காணாமல் போயிருக்கும், கைகள் மட்டும் இருக்கும். அங்கேயும் இதே வழிதான். இரண்டு கைகளும் உடம்பின் ஒரே பக்கமாக, முகத்தின் அருகே உயர்ந்து, விரல்கள் வளைந்திருந்தால் அங்கே இருந்தது புல்லாங்குழல். அவர் வேணுகோபாலன். முன்னிரு கைகளில் ஒன்று உயர்ந்து, ஒன்று தாழ்ந்து, மார்புக்குக் குறுக்கே சாய்வாக எதையோ தாங்குவது போலவும், பின்னிரு கைகளில் மானும் மழுவும் இருந்தால் அவர் வீணாதர தட்சிணாமூர்த்தி. சோழர் காலத்து விக்கிரகங்கள் சிலவற்றில் வீணை போய்விட்டது. ஆனாலும் அதை மீட்டிய விரல்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

அந்த வீணையை நம் பூஜையறை சரஸ்வதி படத்து வீணைபோலக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். பெரிய குடமும் 24 மெட்டுக்களும் கொண்ட இன்றைய தஞ்சாவூர் வீணை, 17-ஆம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில் உருவானதாகச் சொல்வார்கள். பழைய சிற்பங்களில் காண்பது மெல்லிய தண்டு போன்ற வீணை.

வீணையா, தம்புராவா என்று சந்தேகம் வந்தால் மெட்டுக்களைத் தேடுங்கள். வீணையில் இடது கை விரல்கள் மெட்டுக்களின் மேல் தந்தியை அழுத்தும். தம்புராவுக்கு மெட்டே கிடையாது. நிமிர்த்திப் பிடித்து, தந்திகளை வரிசையாக மீட்டினால் போதும். ஒத்தைப் போல அதுவும் சுருதிக்காகத்தான்.

இந்த வாரம் பழைய ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். படத்தின் பின்னால் பேனாவால் எழுதாதீர்கள், மை முன்பக்கம் ஊறிவிடும். தனிச் சீட்டில், இடமிருந்து வலமாக, யார் என்ன வாசிக்கிறார் என்று எழுதிப் படத்தோடு வையுங்கள். பிறகு அதை வீட்டுப் பெரியவர்களிடம் காட்டி, 'ஒத்து ஊதுகிறாரே, இவர் யார்?' என்று கேளுங்கள். வாத்தியத்தின் பெயரை நீங்கள் சொன்னால், மனிதரின் பெயர் அவர்களுக்கு நினைவு வரலாம். அதையும் அந்தச் சீட்டில் சேர்த்து எழுதிவிடுங்கள்.